படம் இல்லாமல் வந்த பதினோராம் தாள்

எண்பதுகளின் கடைசியில் சிலிபின் என்ற ஊரில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். மலாயில் வருவதைத் தமிழாக்கி அச்சுக்குக் கொடுப்பது என் பொறுப்பு. பெரும்பாலும் கோயில் நோட்டீசும் கல்யாணப் பத்திரிகையும்தான். மாப்பிள்ளை பெயரில் ஓர் எழுத்து மாறிவிட்டால் நாலு திட்டு வாங்குவேன், அத்தோடு சரி.

ஒரு நாள் தோட்டக் கம்பெனி அதிகாரி ஒருவர் பழுப்பு உறையோடு வந்தார். களைமருந்து அடிக்கும் பெண்களுக்காகக் கோலாலம்பூரில் கம்ப்யூட்டரில் சிலைடுகள் செய்திருக்கிறார்களாம். அவற்றில் இருக்கும் வார்த்தைகளைத் தமிழாக்கித் தாளாக அடித்து, ஒவ்வொரு தோட்டத்திலும் மருந்து ஸ்டோர் கதவில் ஒட்ட வேண்டும். உறைக்குள் ஓரமெல்லாம் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தில் மலாய்ச் சொற்கள் வரிசையாக இருந்தன. படம் இல்லை, கோடு இல்லை, அம்புக்குறி இல்லை. எந்தச் சொல் தலைப்பு, எது படத்துக்கு அடியில் எழுதியது என்று தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

“படம் எங்க சார்?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? இருக்கிறத அப்படியே தமிழ்ல போடுங்க லா. யோசிக்கிறதுக்கா உங்களுக்கு வேலை குடுத்தோம்?” என்றார்.

யோசிக்காமல் மொழிபெயர்க்கலாம் என்று நினைப்பவர்களை எனக்கு அப்போதும் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது.

பத்துத் தாள் எப்படியோ ஓடிவிட்டது. “கையுறை”, “காற்றுக்கு எதிரே”, “வேண்டாம்” என்று கிடந்தாலும் இன்னது இன்னதோடு சேரும் என்று ஊகிக்க முடிந்தது. பதினோராம் தாளில் இருந்தவை இவ்வளவுதான்: பால் டின். ஒரு பம்புக்கு ஒன்று. அளவுக் கோப்பை. சரி. தவறு. எல்லாவற்றுக்கும் கீழே, தனியாக: நாலு லிட்டர் போத்தல், நாற்பது பம்பு.

இங்கேதான் நான் சறுக்கினேன். என் அக்கா செமோர் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் மருந்து அடிக்கிறவள். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட்ட நாளிலிருந்து முதுகில் மருந்து அடிக்கும் பம்பு சுமக்கிறாள். அவர்கள் மருந்து அளப்பது காலியான கெட்டிப்பால் டின்னில்தான் என்று எனக்குத் தெரியும். அட, கோலாலம்பூர்க்காரர்களுக்கும் நம் ஆட்கள் வழக்கம் தெரிந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு, “ஒரு பம்புக்கு ஒரு பால் டின்” என்று எழுதிவிட்டேன். முதலிரண்டு வரிகளும் அடுத்தடுத்து இருந்தன, வேறென்ன வேண்டும்? தெரிந்த விஷயம்தான் என்னைக் கவிழ்த்தது.

கடைசி வரியை எங்கே சேர்ப்பது என்றுதான் புரியவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு பால் டின்னில் தண்ணீர் நிரப்பி, பக்கத்து வீட்டுக் குழந்தையின் பால் போத்தலில் ஊற்றி அளந்தேன். ஏறக்குறைய முந்நூறு மில்லி. அந்தக் கணக்கில் நாலு லிட்டர் பதின்மூன்று பம்புக்குத்தான் வரும். நாற்பது பம்புக்கு வர வேண்டுமென்றால் ஒரு பம்புக்கு நூறு மில்லிக்கு மேல் போகக் கூடாது. நான் எழுதியது மூன்று மடங்கு விஷம்! என் கையாலேயே அதை அச்சடித்து அக்கா கண்ணெதிரே ஒட்டியிருப்பேன்.

மறுநாள் கோலாலம்பூருக்குப் போன் போட்டேன். கம்ப்யூட்டரில் இருந்தவள் ஒரு மலாய்ப் பெண், நல்லவள். “அக்கா, நீங்க பாக்கிறது சிலைடுல இருக்கிற வரிசை இல்ல. எந்தச் சொல்லை முதல்ல அடிச்சேனோ அது முதல்ல வரும். சரி, தவறு ரெண்டையும் டின், கோப்பைக்கெல்லாம் அப்புறம்தான் அடிச்சேன். எது எந்தப் படத்துக்கு மேல நிக்குதுன்னு இப்ப எனக்கு ஞாபகம் இல்ல. படங்களை வேற ஆள் வச்சார்” என்று மலாயில் சொன்னாள். சிலைடுகளை அதிகாரியிடமே கொடுத்தனுப்பிவிட்டார்களாம்.

அதிகாரியிடமே! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அக்கா வீட்டுக்குப் போனேன். எந்த அளவில் ஊற்றுகிறாய் என்று கேட்டேன்.

“பால் டின்தான். தோட்டத்து ஆபீஸ் கிராணி குடுத்தது. இத்தனை வருசமா அதான்” என்றாள். கோப்பை என்று ஒன்றை அவள் கண்ணால் கண்டதில்லை. அது மூன்று மடங்கு போலிருக்கிறது என்றேன், “வேற எதுல அளக்கிறது?” என்றாள். அவள் வலது கட்டைவிரல் நகம் பாதி கறுத்து, நடுவில் பிளந்திருந்தது. கேட்டால், “எல்லாருக்கும் அப்படித்தாண்டி” என்று கையை மடக்கிக்கொண்டாள். பிறகு, அதைப் பேச விரும்பாதவள்போல, சிரித்தபடி வேறு கதைக்குப் போனாள். “போன வருசம் கோலாலம்பூர்லருந்து கேமராவோட ஆள் வந்தாங்க தெரியுமா? நீ சொல்ற அந்தக் கம்பெனி சார்தான் கூட்டிட்டு வந்தாரு. நான் மருந்து ஊத்துறதப் பக்கத்தில வந்து எடுத்தாங்க. படத்தோட காப்பி அனுப்புறேன்னாங்க. இன்னும் வரல லா.”

திங்கட்கிழமை அதிகாரி வந்ததும் சொல்லிவிட்டேன்: “படத்தைக் காட்டாம இந்தத் தாள அச்சுக்கு விட மாட்டேன் சார்.”

கத்தினார். வேறு கடைக்குப் போவதாக மிரட்டினார். போங்கள், அங்கேயும் ஒருத்தி பால் டின் என்றுதான் எழுதுவாள், நாளைக்கு எவளாவது ஆஸ்பத்திரியில் கிடந்தால் ஸ்டோர் கதவில் யார் ஒட்டிய தாள் என்று கேட்பார்கள் என்றேன். முகம் மாறிற்று. வெளியே நின்ற காருக்குப் போய் சிலைடுப் பெட்டியை எடுத்து வந்தார். இரண்டு வாரமாக அது காரிலேயே கிடந்திருக்கிறது!

பதினோராவது சிலைடை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தேன். கட்டைவிரல் அகலச் சட்டத்துக்குள் இரண்டு படங்கள். கோப்பைக்கு மேலே “சரி”. பால் டின் பிடித்த கைக்கு மேலே “தவறு”, படத்தின் குறுக்கே பெரிய சிவப்புக் கோடு. நான் எழுதியதை அடித்துவிட்டு, “பால் டின்னில் அளக்கவே கூடாது, ஒரு பம்புக்கு ஒரு கோப்பை” என்று எழுதினேன். எல்லாத் தோட்டத்துக்கும் கோப்பை கொடுத்தாகிவிட்டதா என்று கேட்டேன். வரும், வரும் என்றார்.

அக்காவின் தோட்டத்தில் சிலைடு காட்டிய அன்று நானும் போயிருந்தேன். ஜன்னல்களைச் சாக்கால் மூடி, வெள்ளைத் துணியில் படம் விழுந்தது. பெண்கள் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பதினோராவது வந்தபோது கூட்டத்தில் சலசலப்பு. சட்டத்துக்குள் சிறிதாகப் பார்த்தபோது சிவப்புக் கோடு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. இப்போது சுவர் அகலத்துக்கு அந்தக் கை தெரிந்தது. கையுறை இல்லை. கட்டைவிரல் நகம் பாதி கறுத்து, நடுவில் பிளந்திருந்தது.

அக்கா எழுந்தாள். அதிகாரியைப் பார்த்து அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“சார், அது என் கை. தப்புன்னு தெரிஞ்சிதான அன்னிக்குப் படம் புடிச்சீங்க? அப்பவே அந்த டின்னப் புடுங்கி எறிஞ்சிருக்கலாம்ல? படம் புடிச்சிட்டு நீங்க போயிட்டீங்க. நான் நேத்து வரைக்கும் அதுலதான் ஊத்தினேன்.”

அதிகாரி பொத்தானை அமுக்கினார். பன்னிரண்டாவது சிலைடு வந்தது.