தொண்ணூற்று மூன்று, மூன்று கட்டங்களில்

அந்த ஆஸ்பத்திரியின் கொள்முதல் பிரிவில் அவளுக்குக் கட்டக்கா என்று பெயர். கம்பெனிக்காரன் தன் சரக்கைப் பற்றி எவ்வளவு நீளமாக அளந்து விட்டிருந்தாலும் சரி, அந்தப் பத்தியைப் பிரித்து மேய்ந்து, வரி வரியாகக் கட்டம் போட்டு நீட்டிவிடுவாள். சும்மா சொல்லக்கூடாது, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கும். தனக்கு வந்த வரன்களைக்கூட அட்டவணை போட்டுத்தான் பார்த்தாளாம். "என் குணத்துக்கு நேரா என்ன எழுதினே?" என்று புருஷன் இன்னமும் கேட்பான். "தெரியவில்லைன்னுதான். இப்பவும் அதேதான்" என்பாள்.

ஆனால் வேலை விஷயத்தில் அப்படி எழுத அவளுக்குத் தைரியம் கிடையாது. மேனேஜருக்குக் காலிக் கட்டம் என்றாலே ஆகாது. "காலியா விட்டா நாம வேலை செய்யலைன்னு அர்த்தம்மா" என்பார். அவளோ ஒப்பந்த ஊழியர். அவளை நிரந்தரம் செய்வதா வேண்டாமா என்று அந்த வாரம்தான் அவர் எழுத வேண்டியிருந்தது.

அன்றைய வேலை, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின். மூன்று கம்பெனி, மூன்று பத்தி. ஒருவன் எடையைப் பவுண்டில் சொல்லியிருந்தான், கிலோவாக மாற்றினாள். ஒருவன் உத்தரவாதத்தை மாதத்தில் சொல்லியிருந்தான், வருடமாக்கினாள். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்ற ஓட்டம், எடை, சத்தம், மின்சாரம் என்று எல்லாருக்கும் ஒரே வரிசை, ஒரே அளவு. ஆக்சிஜனின் தூய்மை என்ற வரியில் மூன்று பேருக்கும் தொண்ணூற்று மூன்று சதவீதம். ஒரு கட்டம்கூடக் காலியில்லை. எதை வாங்குவது என்று முடிவு செய்யும் கமிட்டிக்கு ஒரு பிரதியை அனுப்பிவிட்டு, இன்னொன்றில் தலைமை நர்ஸின் கையெழுத்து வாங்க வார்டுக்குப் போனாள்.

வார்டில் தலைமை நர்ஸ் ஒரு பெரியவரின் கட்டிலருகே நின்று, போன வருடம் வாங்கிய மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். குமிழைத் திருகி ஓட்டத்தை ஏற்றினார். மெஷினில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"என்ன சிஸ்டர், ரிப்பேரா?"

"ரிப்பேர்லாம் இல்ல கட்டக்கா. அஞ்சு லிட்டர் வரைக்கும் நல்லா குடுக்கும். அதுக்கு மேல ஏத்தினா காத்துதான் நிறைய வருது, ஆக்சிஜன் நீர்த்துப் போயிடுது. இவருக்கு எட்டு வேணும். என்னத்தச் சொல்ல." சொல்லிக்கொண்டே சிலிண்டரை இழுத்து வரச் சொன்னார்.

கட்டக்காவுக்குப் பகீரென்றது. மெஷினைப் பார்த்தாள். அவள் போட்ட அட்டவணையைப் பார்த்து வாங்கியதுதான். அதிலும் தூய்மைக்கு நேரே தொண்ணூற்று மூன்று என்றுதான் எழுதியிருந்தாள். கையெழுத்தும் வாங்காமல் மேசைக்கு ஓடி, மூன்று பத்திகளையும் மறுபடி எடுத்தாள். முதல் கம்பெனி, பத்து லிட்டர் ஓட்டத்திலும் தொண்ணூற்று மூன்று என்றது. இரண்டாவது, ஐந்து லிட்டர் வரை என்றது. எந்த ஓட்டம் வரை என்று மூன்றாவது சொல்லவே இல்லை. விலை குறைவும் அதுதான். கட்டத்தில் இடிக்கிறது என்று அந்தப் பாதி வாக்கியங்களை வெட்டி எறிந்தது வேறு யாருமில்லை, அவள்தான்.

ஒரு வரியைப் புதிதாகச் சேர்த்தாள்: 'இந்தத் தூய்மை எந்த ஓட்டம் வரை'. பத்து. ஐந்து. மூன்றாவது கட்டத்தில் 'குறிப்பிடவில்லை'. அந்தச் சொல்லை அடிக்கும்போது மேனேஜரின் முகம்தான் கண் முன்னால் வந்தது.

புதுத் தாளோடு அவள் கமிட்டி அறைக்குள் நுழைந்தபோது பேனாவைத் திறந்துவிட்டார்கள். மூன்றாவதுதான் என்று முடிவாகியிருந்தது.

"சார், ஒரு நிமிஷம். அட்டவணை தப்பு."

மேனேஜர் புதுத் தாளை வாங்கிப் பார்த்தார். "குறிப்பிடலைன்னா கேட்டு எழுத வேண்டியதுதானே?" குரல் இறுகியிருந்தது. அங்கிருந்தே மூன்றாவது கம்பெனிக்குப் போன் போட்டார். எதிர்முனை மென்று விழுங்கி, கடைசியில் மூன்று லிட்டர் வரைக்கும்தான் என்றது. கமிட்டித் தலைவரான பெரிய டாக்டர் முதல் கம்பெனிக்கு நேரே கையெழுத்துப் போட்டார்.

அதோடு அவள் வெளியே வந்திருக்கலாம். யாரும் எதுவும் கேட்கவில்லை.

"போன வருஷ அட்டவணையிலயும் இந்த வரி இல்ல சார். அதையும் நான்தான் போட்டேன். அந்த மெஷின்லாம் வார்டுல ஓடிக்கிட்டிருக்கு."

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். நிரந்தரம் என்ற பேச்சை அன்று அவர் எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஒட்டும் நாடாவும் மார்க்கரும் எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனாள். ஒவ்வொரு மெஷினாகப் போய், குமிழுக்கு மேலே எழுதி ஒட்டினாள்: 'ஐந்துக்கு மேல் வேண்டுமென்றால் சிலிண்டர்'. சிலிண்டர் ஆக்சிஜனில் பெரியவர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். நர்ஸ் நாடாவைப் படித்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"இது தெரிய எங்களுக்கு ஒரு வருஷம் ஆச்சு கட்டக்கா" என்றார்.