பாக்கு வைத்துச் சொன்ன ஆஃப்சைடு

பெண் பார்க்க நான் தாராபுரம் போவதற்கு முன்பே, என்னைப் பார்க்கப் பெண்ணின் அப்பா கோயமுத்தூருக்கு வந்துவிட்டார். வந்தவர் வீட்டுக்கு வரக் கூடாதா? நேராக மைதானத்துக்கு வந்து, கோட்டோரம் குடையை ஊன்றி நின்றுவிட்டார். கால்பந்தாட்டத்தை அவர் அதுவரை பார்த்ததே இல்லை.

நான் எங்கள் மில் அணியில் முன்வரிசை ஆட்டக்காரன். அன்று முதல் பாதியிலேயே அவர் கண்ணெதிரே ஒரு கோல் போட்டேன். பெருமையாகத் திரும்பினால், கோட்டோர நடுவர் கொடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். ரெஃபரி விசில் ஊதிவிட்டார். ஆஃப்சைடாம், கோல் செல்லாதாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கொடியைப் பிடுங்கி ஒடித்திருப்பேன்.

இடைவேளையில் எலுமிச்சம்பழத்தைச் சப்பிக்கொண்டே அவரிடம் போனேன். அவர் முகம் சரியில்லை.

“ஏனுங்க தம்பி, விசில் ஊதிப் புடிக்கிற அளவுக்கு என்னங்க பண்ணிப்போட்டீங்க? திருட்டுத்தனமா வெளையாடறவருக்கு எப்படிங்க பொண்ணக் குடுக்கறது?”

கல்யாணம் கைவிட்டுப் போச்சு என்றே நினைத்தேன். அவர் வெற்றிலைப் பையிலிருந்து மூன்று பாக்கை வாங்கித் தரையில் வைத்தேன்.

“திருட்டு இல்லீங்க, அவசரமுங்க. இது அவங்க கோல்கீப்பர். இது அவங்க தடுப்பாளு. இது நானுங்க. எங்காளு எனக்குப் பந்தை உதைக்கறப்ப, எனக்கும் அவங்க கோல் கோட்டுக்கும் நடுவால எதிராளி ரெண்டு பேராச்சும் இருக்கோணும். கீப்பரும் அதுல சேர்த்தி. நான் தடுப்பாளைத் தாண்டி நின்னுபோட்டேன். மிச்சம் கீப்பர் ஒருத்தர்தான். அதுதானுங்க ஆஃப்சைடு.”

“பந்து உங்ககிட்ட வந்து சேர்றப்பப் பாக்கறதுங்களா?”

“இல்லீங்க, உதைக்கறப்ப. அதுக்கப்புறம் எவ்வளவு வேகமா ஓடுனாலும் தப்பில்லீங்க. பந்துக்குப் பின்னால நின்னாலும், எங்க பாதி மைதானத்துல நின்னாலும் ஆஃப்சைடு கெடையாது.”

“அதுஞ் சரிதான். இல்லாட்டி அத்தனை பேரும் அவங்க கோல் வாசல்லயே போயிக் குந்திக்குவீங்க” என்று தலையாட்டினார்.

இரண்டாம் பாதி முடியும் தறுவாயில், பந்து கோட்டைத் தாண்டி அவர் காலடிக்கே உருண்டு போயிற்று. எங்கள் ஆள் அதை எடுத்து இரண்டு கையாலும் தலைக்கு மேலாக நேராக எனக்கு எறிந்தான். எனக்கு முன்னால் கீப்பர் மட்டுமே. ஒரே உதை. கோல் என்று ரெஃபரி கைகாட்டிவிட்டார். நாங்கள் குதித்துக்கொண்டிருக்கும்போது கோட்டோரத்திலிருந்து ஒரு கணீர்க் குரல் கேட்டது.

“ஏனுங்க, அது ஆஃப்சைடுங்க. முன்னால ஒருத்தர்தான் இருந்தாரு.”

கொடிக்குப் பதிலாகக் குடையைத் தூக்கிப் பிடித்திருந்தார். மைதானமே சிரித்தது. எனக்கு உச்சந்தலை எரிந்தது. அவரிடம் ஓடினேன்.

“கையில எறியற பந்தை நேரா வாங்குனா ஆஃப்சைடு இல்லீங்க. அதைச் சொல்ல மறந்துபோட்டேன். அதுக்காக எங்க கோலையே வேண்டாமுங்கறதா?”

அவர் அசரவில்லை. நிதானமாகக் குடையை இறக்கினார்.

“அப்படீங்களா. தப்புன்னு பட்டா ஆரா இருந்தாலும் சொல்லிப்போடுவேனுங்க. சரி, போங்க மாப்பிள்ளை, விசில் ஊதறாங்க.”