தண்ணீரில் கரைத்த அளவுகோல்

சங்கரன்கோவிலில் ஒரு விவசாயச் சங்கம் நடத்திய மண் பரிசோதனைக் கூடத்தில் எண்பதுகளின் தொடக்கத்தில் நான் வேலை பார்த்தேன். கூடம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இராஜபாளையம் போகிற சாலையில் வாடகைக்குப் பிடித்த ஒரு வீடு. முன்னறையில் மண் பைகள், நடு அறையில் சங்கச் செயலாளரின் மேசை, சமையலறையில் எங்கள் கருவிகள். அடுப்பு இருக்க வேண்டிய மேடையில் ஃபிளேம் போட்டோமீட்டர் உட்கார்ந்திருந்தது. அதற்கும் கேஸ் சிலிண்டர்தான். அதனால் அது சமையலறையை விட்டு வெளியே வரவில்லை என்று நான் கேலி பேசுவேன். கூடத்தின் மேலாளர் சிரிக்க மாட்டார்.

அந்தக் கருவியின் வேலை எளிது. மண்ணை அம்மோனியம் அசிடேட் கரைசலில் போட்டுக் குலுக்கினால், பயிருக்குக் கிடைக்கக்கூடிய பொட்டாஷ் கரைசலுக்கு வந்துவிடும். வடிகட்டிய சாற்றை ஒரு மெல்லிய குழாய் உறிஞ்சித் தீச்சுடருக்குள் தூவும். பொட்டாஷ் எவ்வளவோ அவ்வளவு ஒளி. ஒளிக்குத் தக்கபடி முள் நகரும். ஆனால் முள் சொல்வது வெறும் முள்ளின் பேச்சு. அதைச் சத்தின் அளவாக மாற்ற, அளவு தெரிந்த பொட்டாஷ் கரைசல்களை முதலில் தூவி, வரைபடத்தாளில் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். அவற்றை ஸ்டாண்டர்டு என்போம். அந்தக் கோடுதான் எங்கள் நீதிபதி.

நான் சேருவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் அசிடிக் அமிலத்துக்குத் தட்டுப்பாடு வந்திருக்கிறது. அதையும் அம்மோனியாவையும் கலந்துதான் அசிடேட் தயாரிப்போம். மேலாளர் சிக்கனம் பார்த்தார். மண்ணைக் குலுக்க அசிடேட் இல்லாமல் முடியாது, ஸ்டாண்டர்டுகளை எதற்கு அசிடேட்டில் கரைக்க வேண்டும், காய்ச்சி வடித்த தண்ணீர் போதாதா என்று முடிவு செய்துவிட்டார். அமிலம் மறுபடி தாராளமாக வந்த பிறகும் தண்ணீர்தான் தொடர்ந்தது. வசதியான பழக்கம் எங்கே போகும்?

புரட்டாசி முடிகிற சமயம். திருவேங்கடம் பக்கத்துக் கரிசல்காரர் ஒருவர் வந்தார். மானாவாரிப் பருத்தி போடுகிறவர். நெடுநெடு என்று உயரம், நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வந்தவர் நிமிர்ந்ததும் சண்டையைத் தொடங்கிவிட்டார்.

“போன வருசம் என் மண்ணுல சாம்பல் சத்து நிறைய இருக்கு, பொட்டாஷே போட வேண்டாம்னு இதே வீட்டுலதான் எழுதிக் குடுத்திய. இந்த வருசம் பொட்டாஷ் போடணுங்கிய. இடையில என் சத்தை யாரு வே தூக்கிட்டுப் போனா?”

அவருடைய சிக்கல் இதுதான். எங்கள் சீட்டில் என்ன பரிந்துரை இருக்கிறதோ அதன்படி உரத்தை எடுத்துக்கொண்டால்தான் கூட்டுறவில் பயிர்க்கடன் கிடைக்கும். அவர் பொட்டாஷ் மூட்டையை எடுக்க மாட்டேன் என்றார். கூட்டுறவுக்காரர்கள் விதையைத் தர மாட்டோம் என்றார்கள். ஐப்பசி மழை தலைக்கு மேல் நிற்கிறது. மழைக்கு முன் விதை கைக்கு வராவிட்டால் அந்த வருஷம் அவருக்கு நிலம் இருந்தும் இல்லாததுதான்.

மேலாளர் அவர் மண்ணை மறுபடி குலுக்கி, மறுபடி தூவி, தண்ணீரில் போட்ட அதே கோட்டில் படித்தார். அதே ‘நடுத்தரம்’. “பாத்தீங்களா, ரெண்டு தடவையும் ஒண்ணுதான்” என்றார். கோணல் அளவுகோலால் இரண்டு முறை அளந்தால் இரண்டு முறையும் ஒரே அளவுதானே வரும்!

எனக்குக் கோபம் வந்தது. ‘சார், சுடருக்குள்ள போறது தண்ணியில்ல, அசிடேட்’ என்று நான் வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். அசிடேட் தண்ணீரைவிடக் கனமான சரக்கு. குழாயில் ஏறுவதும் மந்தம், தூவலாகச் சிதறுவதும் மந்தம். சாற்றில் உள்ள பொட்டாஷ் தன் முழு ஒளியைக் காட்டாமல் போகும். தண்ணீர் ஸ்டாண்டர்டுக்கு அந்தத் தடங்கல் இல்லை. இரண்டையும் ஒரே கோட்டில் வைத்தால் மண் ஏழையாகத்தான் தெரியும். கரிசல்காரரின் போன வருஷச் சீட்டு, ஸ்டாண்டர்டையும் அசிடேட்டில் கரைத்த காலத்தது. மேலாளரோ கோட்டைக் காட்டுவார். “நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு, இதுல என்னம்மா தப்பு?” கோடு நேர்தான். தண்ணீருக்கு அது நேர்மையான கோடு. சாற்றைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது.

அன்று மேலாளர் ‘நடுத்தரம்’ என்று மறுபடி எழுதிய சீட்டை என் முன்னால் நகர்த்தினார். அளந்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

“போட மாட்டேன் சார்” என்றேன்.

செயலாளர் நடு அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். மேலாளர் முகம் சிவந்தது. “அப்ப நீயே அளந்து காட்டு. உன் கைவரிசையையும் பாப்போம்.”

அவர் கேலிக்குச் சொன்னார். நான் நிஜமாகவே எடுத்துக்கொண்டேன். கல்லூரியில் ஒருமுறை செய்து பார்த்த ஸ்டாண்டர்டு அடிஷன் முறை நினைவிருந்தது. கரிசல்காரர் மண்ணின் சாற்றை ஒரே அளவில் நான்கு குடுவைகளில் எடுத்தேன். ஒன்றை அப்படியே விட்டேன். மற்ற மூன்றிலும் அளவு தெரிந்த பொட்டாஷை ஒன்றைவிட ஒன்று கூடுதலாகச் சேர்த்தேன். நான்கையும் அசிடேட்டால் ஒரே மட்டத்துக்கு நிரப்பினேன்.

கரிசல்காரர் சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். “ஏம்மா, இருக்கிற சத்து எவ்வளவுன்னு கேட்டா, நீ இன்னும் சத்தை ஊத்துதியே?”

“அண்ணாச்சி, பருத்தி நிறுக்க வில் தராசு வச்சிருப்பியல்லா? வில் மக்கர் பண்ணுதுன்னு சந்தேகம். பருத்திய எடுக்காமலே கூட ஒரு கிலோ படிக்கல்லத் தொங்கவிடுங்க. முள்ளு முக்காக் கிலோதான் ஏறுதுன்னா?”

அவர் யோசிக்கவே இல்லை. “பருத்தியிலயும் கால் பங்கைத் தின்னிருக்கு, களவாணித் தராசு.”

“அதத்தான் பாக்கேன்.”

மேலாளர் உடனே ஒரு கொக்கி போட்டார். “அப்ப அந்தப் படிக்கல்லை மண்ணுலயே போட்டுக் குலுக்க வேண்டியதுதானே?” சோதிக்கிறார் என்று தெரிந்தது. “கரிசல் களி அதைப் பிடிச்சு வச்சுக்கிடும் சார். நமக்குச் சந்தேகம் சுடர் மேல, குலுக்கல் மேல இல்ல. அதனால வடிச்ச சாத்துலதான் சேக்கணும்” என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சுடர் ஆடக்கூடாது என்று விசிறியை நிறுத்தினோம். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. ஒவ்வொரு குடுவைக்கும் நடுவில் ஸ்டாண்டர்டை வைத்து முள் பழைய இடத்துக்கு வருகிறதா என்று பார்த்துக்கொண்டேன். பிறகு தண்ணீரிலும் அதே அளவுகளைச் சேர்த்துத் தூவினேன். இரண்டையும் ஒரே தாளில் வரைந்தேன்.

சாற்றின் கோடும் நேராகத்தான் வந்தது. ஆனால் தண்ணீர்க் கோட்டைவிடப் படுத்திருந்தது. அசிடேட்டால் தடங்கல் இல்லை என்றால் இரண்டும் ஒரே சாய்வில் இணையாக ஓடியிருக்க வேண்டும். ஒரே அளவு பொட்டாஷைச் சேர்த்தும் சாற்றில் முள் குறைவாகவே ஏறியிருக்கிறது. சாற்றின் கோட்டை அளவுகோல் வைத்து இடது பக்கம் கீழே நீட்டினேன். முள் பூஜ்யத்தைத் தொடுகிற இடம்வரை போனால், அந்தத் தூரம்தான் மண்ணிலிருந்து வந்த பொட்டாஷ். சாற்றை நீர்க்கவைத்த கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ‘அதிகம்’ என்ற வரம்பைத் தாண்டி நின்றது.

மேலாளர் விடவில்லை. படித்த மனுஷர், வழியைச் சரியாகத்தான் அடைத்தார். “அசிடேட்டே கொஞ்சம் ஒளி காட்டினா? அதுலயே பொட்டாஷ் கலந்திருந்தா? உன் முறை அதைக் கழிக்காது. அதையும் மண் கணக்கில சேத்துரும்.”

உண்மை. எவ்வளவு சேர்த்தாலும் மாறாமல் கூடவே நிற்கிற ஒளியை இந்த முறை கண்டுபிடிக்காது. கோட்டின் சாய்வு கெட்டால் சரிசெய்யும், கோடு முழுவதும் மேலே தூக்கப்பட்டால் ஏமாந்துவிடும். மண் போடாமல் வெறும் அசிடேட்டை அதே வடிதாள் வழியாக வடிகட்டித் தூவினேன். மூவரும் முள்ளைப் பார்த்தோம். அசையவே இல்லை என்று சொல்லலாம்.

மேலாளர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அந்த இரண்டு கோடுகள் மேலும் விரலை ஓட்டினார். அவர் திருடர் இல்லை. அதை இங்கே சொல்லிவிட வேண்டும். தன் கோட்டை நம்பினார், அவ்வளவுதான். ஆனால் பிடிவாதக்காரர்.

“ஒவ்வொரு மண்ணுக்கும் நாலு குடுவையா? கேஸுக்கு எங்க போறது?”

“ஒவ்வொண்ணுக்கும் வேண்டாம் சார். ஸ்டாண்டர்டை மறுபடி அசிடேட்டுல கரைச்சாப் போதும். ஒரே கோட்டுல எல்லாத்தையும் படிக்கலாம். உப்பு கூடின மண்ணு எதாவது சந்தேகமா இருந்தா அதுக்கு மட்டும் இப்படிச் சேத்துப் பாப்போம்.”

அவர் பழைய சீட்டைக் கிழித்தார். புதிதாக ‘அதிகம், பொட்டாஷ் தேவையில்லை’ என்று எழுதினார். நான் அளந்தவர் இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கரிசல்காரர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “பருத்தி வெடிச்சா உனக்கு ஒரு மெத்தை தாயி” என்றார். பஸ்ஸைப் பிடிக்க ஓட்டமும் நடையுமாகப் போனார்.

எனக்குக் கெக்கலி கொட்டிச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மேலாளர் வரைபடத்தாளை நான்காக மடித்து மேசை இழுப்பறைக்குள் போட்டார்.

“சரி. இந்த ஒருத்தருக்கு மட்டும். நாளையிலேருந்து அசிடேட்டுல கரைச்சுக்கலாம். போன சீட்டெல்லாம் போனதாகவே இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா சங்கத்துக்கு அசிங்கம்.”

முன்னறை அலமாரி நிறையப் பைகள். மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துப் புஞ்சைகள், திருவேங்கடத்துக் கரிசல்கள். அளந்து முடித்த பிறகும் ஒவ்வொன்றிலும் ஒரு பிடி மண்ணை நாங்கள் வைத்திருப்போம். அந்த மண்ணுக்காரர்களுடைய சீட்டுகளும் அதே தண்ணீர்க் கோட்டில் படித்தவைதான். சண்டை போட உயரமான ஆள் ஒருவர் வந்தார், அவருக்கு நியாயம் கிடைத்தது. சண்டை போடத் தெரியாதவர்கள் மூட்டையைச் சுமந்துகொண்டு போயிருப்பார்கள்.

“இவரு மண்ணுல மட்டுமா சார் அசிடேட் ஊத்தினோம்?” என்று கேட்டேன்.

செயலாளரின் பேனா நின்றது. மேலாளர் எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். “உன் இஷ்டத்துக்கு ஆடணும்னா வேற இடம் பாத்துக்க. தை மாசத்துக்கு மேல உன்னை வச்சிருக்கணும்னு சங்கத்துக்குக் கட்டாயம் இல்ல.”

“தை வரைக்கும் இருக்கேன்லா சார். அது போதும்.”

அவர் போய்விட்டார். தை மாதம் சொன்னபடியே என்னை நிறுத்தினார்கள். அது வேறு. அன்று சாயங்காலம், புளியங்குடிக்கு எனக்கான பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போவது காதில் விழுந்தது. பொட்டாஷ் உப்பை எடைபோட்டு, அசிடேட்டில் கரைத்தேன். தீக்குச்சியைக் கிழித்துச் சுடரை ஏற்றினேன். பிறகு அலமாரியின் மேல்தட்டிலிருந்து முதல் பையை இறக்கி முடிச்சை அவிழ்த்தேன்.