வெட்டிய மதுக்கரைக் கதை

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியின் தொலையுணர்வு ஆய்வகத்தில் நான் தொழில்நுட்ப உதவியாளர். செயற்கைக்கோள் எடுத்த படங்களைக் கணினியில் பிரித்து மேய்ந்து, எங்கே பயிர், எங்கே தண்ணீர், எங்கே கட்டடம் என்று வரைபடம் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. வளவளவென்று பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்தது எல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

அந்த வருடம் எங்களுக்குக் குளங்களின் வேலை வந்தது. மழைக்காலம் முடியும் நேரத்தில் எந்தக் குளத்தில் எவ்வளவு பரப்புக்குத் தண்ணீர் நிற்கிறது என்று படத்திலிருந்து அளந்து கொடுக்க வேண்டும். காய்ந்து கிடக்கும் குளங்களுக்குக் குழாய் வழியாக ஆற்றுத் தண்ணீர் விடுவதாகத் திட்டம். எங்கள் வரைபடத்தில் நீலமாக இருக்கும் குளத்துக்குத் தண்ணீர் கிடையாது, வெள்ளையாக இருக்கும் குளத்துக்கு உண்டு. அவ்வளவுதான் கணக்கு.

வேலைக்குப் புதிதாக ஆள் எடுத்தார்கள். அதில் ஒருத்தி காரமடைப் பக்கத்துப் பெண். புவியியல் படித்தவள், தோட்டக்கூலிக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. இரண்டு மாத ஒப்பந்தம். முடிவில் பேராசிரியர் ஒரு மதிப்பீட்டுத் தாளை நிரப்புவார், அது நன்றாக இருந்தால் இன்னும் ஒரு வருடம். அந்தத் தாள் அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்பது ஆய்வகத்தில் எல்லாருக்கும் தெரியும். வேலைக்குப் போகிறேன் என்று சொல்லித்தான் வீட்டில் கல்யாணப் பேச்சை நிறுத்தி வைத்திருந்தாள்.

புதியவர்களுக்காகப் பேராசிரியர் ஒரு வகுப்பு எடுத்தார். பொள்ளாச்சிக்காரர், நல்ல மனிதர், ஆனால் பேச ஆரம்பித்தால் நிற்க மாட்டார். மூன்று மணி நேரம். நான் அதைக் கைப்பேசியில் பதிவு செய்தேன். வகுப்பு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மணி, இதைக் கேட்டு, ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டு ஒரு லிஸ்ட் பண்ணிக் குடுத்துரு. அதைப் பாத்துப் பாத்து இவங்க செஞ்சுக்கட்டும்."

எனக்கு ஏற்ற வேலை. இரண்டு நாள் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். அவர் வகுப்பில் வேலை முறை ஒரு பங்கு என்றால் கதை மூன்று பங்கு. எந்த ஊருக்கு ஜீப்பில் போனார், எங்கே டீ நன்றாக இருந்தது, எந்த மாணவன் எதைச் சொதப்பினான். கதை வரும் இடத்தில் எல்லாம் ஓட்டிவிட்டு, வேலையை மட்டும் எடுத்து எழுதினேன்.

படத்தின் தேதியைப் பார். குளத்தின் எல்லைக்கோட்டைப் படத்தின் மேல் வைத்து அளவாக வெட்டிக்கொள். குற்றலை அகச்சிவப்பு ஒளியைப் பதிந்த பட்டையில் ஒரு கட்டம், அதாவது படத்தின் ஒரு புள்ளி, இருபது மீட்டர், பச்சைப் பட்டையின் கட்டம் பத்து மீட்டர். இரண்டையும் பத்துக்குக் கொண்டு வா. படத்தோடு வரும் வகைப்படுத்தல் பட்டையில் எட்டு, ஒன்பது, பத்து என்ற எண்கள் மேகம். அந்த இடங்களை நீக்கு. பிறகு பச்சையிலிருந்து அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகு. விடை பூஜ்யத்துக்கு மேல் வந்தால் தண்ணீர். தண்ணீர்க் கட்டங்களை எண்ணு. நூறு கட்டம் ஒரு ஹெக்டேர்.

இப்படி இருபத்திரண்டு படி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் டிக் அடிக்க ஒரு சின்னப் பெட்டி. குளத்தை அளவாக வெட்டுவதைப் பேராசிரியர் கடைசியில்தான் சொல்லியிருந்தார். நான் அதை மூன்றாவது படியாக்கினேன். முதலிலேயே வெட்டிவிட்டால் கோப்பு சிறியதாகும், எங்கள் பழைய கணினிகள் திணறாது. தாளின் தலையில் பெரிய எழுத்தில் எழுதினேன்: 'பட்டியலில் இல்லாததைச் செய்யக் கூடாது.' மூன்று மணி நேரப் பேச்சு இரண்டே பக்கத்தில் அடங்கிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாலைந்து வாரம் வேலை சீராக ஓடியது. உக்கடம் பெரிய குளம் அழகாக வந்தது. அதைப் பார்த்து எல்லாரும் லிஸ்டைப் பாராட்டினார்கள்.

ஒரு நாள் காலை அந்தப் பெண் என் மேசைக்கு வந்தாள். கையில் அவள் ஊருக்குப் பக்கத்துக் குளத்தின் வரைபடம். கிட்டத்தட்ட முழுக் குளமும் நீலம்.

"ஏனுங்கக்கா, இந்தக் குளத்துல தண்ணியே இல்லீங்களே. நான் தெனமும் பஸ்ஸுல பாத்துட்டுத்தானுங்க வாரேன்."

"எல்லாப் படியும் செஞ்சயா?"

"செஞ்சுபோட்டேனுங்க. ரெண்டு தடவ செஞ்சேன்."

அவள் லிஸ்டை வாங்கிப் பார்த்தேன். இருபத்திரண்டு பெட்டியிலும் டிக். பிறகு நான் சொன்னதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"பஸ் ஜன்னல்ல இருந்து நீ பாக்கறது ஒரு ஓரம். சேட்டிலைட் முழுசாப் பாக்குது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய்னு சொல்லுவாங்க இல்ல?"

அந்தப் பழமொழிக்கு மூன்றாவதாக ஒரு பகுதி உண்டு. தீர விசாரிப்பதே மெய். அது எனக்கு அப்போது வாயில் வரவில்லை. அவள் "சரிங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் வரைபடம் அனுப்பப்பட்டது.

அடுத்த வாரம் கூட்டம். திட்டத்தைச் செய்யும் பொறியாளர் ஒருவர் வந்திருந்தார். குளம் குளமாகத் திரையில் காட்டிக்கொண்டு வந்தோம். காரமடைப் பக்கத்துக் குளம் வந்ததும் அவர் கையைத் தூக்கினார்.

"இது எந்தக் குளமுங்க? நேத்துத்தான் அந்த வழியா வந்தேன். ஆடு மேஞ்சுட்டிருக்குது. உங்க படத்துல ஆடு நீச்சலடிக்குதுங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. முழுப் படத்தைத் திறக்கச் சொன்னார். குளத்தின் எல்லைக்குள் வெட்டாத படம். திறந்ததும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. குளத்துக்குத் தென்கிழக்கில் ஒரு பெரிய வெள்ளை மேகம். அதன் நிழல் அப்படியே குளத்தின் மேல் படுத்திருந்தது. அந்தச் செயற்கைக்கோள் வருவது காலை பத்தரை வாக்கில், சூரியன் தென்கிழக்கில் இருக்கும். நிழல் வடமேற்கில்தான் விழும். நிழல் விழுந்த கட்டாந்தரை சில சமயம் அந்தக் கணக்கில் தண்ணீர் போலவே விடை கொடுக்கும். மேகம் குளத்துக்கு வெளியே இருந்ததால் என் மூன்றாவது படியிலேயே வெட்டுப்பட்டுப் போனது. மிஞ்சிய நிழல் குளத்தின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"லிஸ்ட்ல நிழல் எங்க?" என்று பேராசிரியர் கேட்டார். "மேகம் எட்டு, ஒன்பது, பத்து இருக்குது. நிழலுக்கு நம்பர் மூணு, அதையுங் காணோம். மதுக்கரைக் கதை சொன்னேனே?"

சொல்லியிருந்தார். பதிவில் அதைக் கேட்டது எனக்கு நினைவிருந்தது. மதுக்கரை மலையடிவாரத்தில் படத்தில் ஒரு ஏரியைக் கண்டுபிடித்தாராம். மாணவர்களோடு ஜீப்பில் போனால் வெறும் முள்ளுக்காடாம். மேக நிழல். அதிலிருந்து, எண்ணை மட்டும் நம்பாமல், முழுப் படத்தையும் விரித்து வைத்து, ஒவ்வொரு தண்ணீருக்கும் தென்கிழக்கே மேகம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுவாராம். இதைச் சொன்ன கையோடு அங்கே சாப்பிட்ட வடையைப் பற்றியும் சொன்னார். நான் வடையோடு சேர்த்து நிழலையும் வெட்டிவிட்டேன்.

"அது கதைன்னு விட்டுட்டேனுங்க சார். என் தப்புதான்" என்றேன்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் பேராசிரியர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"அம்மணி, லிஸ்ட்ல தப்பு, சரி. நீ அந்தப் பக்கத்து ஆளுதானே? தெனமும் அந்த வழியா வாரே. வார்த்தை ஒண்ணு கேட்டிருக்கலாமல்ல?"

அவள் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு நொடிதான். பிறகு மேசையைப் பார்த்தாள்.

"கேட்டிருக்கோணுங்க சார்."

நான் வாயைத் திறக்கவில்லை. லிஸ்டின் தப்பை ஒப்புக்கொண்டதிலேயே எனக்கு நல்ல பெயர் கிடைத்துவிட்டது. பொறியாளர்கூட "ஆனைக்கும் அடி சறுக்கும்ங்க" என்று ஆறுதல் சொன்னார். அவள் வந்து கேட்டதையும் நான் பழமொழி சொல்லி அனுப்பியதையும் வேறு யாரும் அறியவில்லை. அன்று சாயங்காலம் அவளுடைய மதிப்பீட்டுத் தாள் என்னிடம் வந்தது, அது என் வழியாகத்தான் அலுவலகத்துக்குப் போக வேண்டும். 'சொன்னதைச் செய்கிறார். சொந்தமாகச் சரிபார்க்கும் பழக்கம் இல்லை' என்று பேராசிரியர் எழுதியிருந்தார். அப்படியும் நான் அதை அனுப்பாமல் மேசை இழுப்பறையில் வைத்தேனே தவிர, எழுந்து போய் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் லிஸ்டைத் திருத்த உட்கார்ந்தேன். மதுக்கரைக் கதையைப் பதிவில் முதலிலிருந்து, வடை உட்பட, கேட்டேன். நிழலுக்கு மூன்றாம் எண்ணையும் நீக்கு என்று சேர்த்தேன். ஆனால் அந்த மூன்றாம் எண்ணும் சில சமயம் நிஜத் தண்ணீரையே நிழல் என்று சொல்லிவிடும் என்று பேராசிரியர் அதே கதையில் சொல்லியிருந்தார். அதனால் நீக்குவதற்கு முன்பும் பின்பும் முழுப் படத்தைக் கண்ணால் பார் என்று இரண்டு படி சேர்த்தேன். குளத்தை வெட்டுவதைக் கடைசிக்குத் தள்ளினேன். தலையில் எழுதியிருந்த வாக்கியத்தை எடுத்தேன். கடைசியில் புதிதாக மூன்று கட்டம் போட்டேன்: அந்த இடத்தை நேரில் பார்த்தவர் யார், என்ன பார்த்தார், யாரிடம் சொன்னார்.

திருத்திய லிஸ்டை முதலில் அவளிடம் கொடுத்து அந்தக் குளத்தையே மறுபடி செய்யச் சொன்னேன். மத்தியானம் தாள் திரும்பி வந்தது. முதல் கட்டத்தில் அவள் பெயர். இரண்டாவதில், 'தண்ணீர் இல்லை' என்று எழுதி, என்னிடம் வந்து கேட்ட அந்த நாளின் தேதி. மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

அதில் நான் என் பெயரை எழுதினேன். மதிப்பீட்டுத் தாளையும் எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனேன்.

அவர் படித்தார். தேதியை வரைபடம் அனுப்பிய தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மதிப்பீட்டில் இரண்டாவது வாக்கியத்தை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். "குடுத்தனுப்பு" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அவளுக்கு ஒப்பந்தம் நீண்டது. வெள்ளையாகிப்போன அந்தக் குளமும் தண்ணீர் விட வேண்டிய குளங்களில் சேர்ந்தது. செய்தியைச் சொல்லப் போனபோது அவள் வேறொரு குளத்தின் முழுப் படத்தை விரித்து மேகம் தேடிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"லிஸ்ட்ல இல்லாததச் செய்யக் கூடாதுன்னு நீங்கதானுங்களேக்கா எழுதியிருந்தீங்க."