பெருமாள் முன் வைக்க மனம் வராத தாள்

என் மகள் தலைப்பிரசவத்துக்காக மராத்தி பேசும் சிஞ்ச்வட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்கு வரும் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் பெருமாள் திருவடியில் வைத்து, ஒரு பாசுரம் சொல்லிய பிறகே கோப்பில் சேர்ப்பேன். ஒரே ஒரு தாளை மட்டும் அப்படி வைக்கவில்லை.

முப்பத்தாறாம் வாரத்தில் பஞ்சு சுற்றிய குச்சியால், ஸ்வாப் என்று சொல்லி, மாதிரி எடுத்திருந்தார்கள். ஆய்வகத்திலிருந்து ரிப்போர்ட்டை வாங்கி வந்தவன் நான். பிறப்புறுப்பு, ஆசனவாய் என்று மாதிரி எடுத்த இடங்கள் அச்சாகியிருந்தன. கீழே, குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி வளர்ந்திருப்பதாக ஒரு வரி. கை கூசியது. சம்பந்தி வீட்டார் வந்து கோப்பைப் புரட்டினால் மகளைப் பற்றி என்ன நினைப்பார்கள்? தாளை மடித்து என் வேட்டிகளுக்கு அடியில் செருகினேன்.

"என்னப்பா வந்திருக்கு?"

"எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு."

மறுபடி டாக்டரைப் பார்க்கும் நாளுக்கு முன்பே, ஒரு காலையில் வலி கண்டது.

பிரசவ அறையில் நர்ஸ் கோப்பைப் புரட்டி, "காகா, ஸ்வாப் ரிப்போர்ட் எங்கே?" என்று இந்தியில் கேட்டாள். வயதில் மூத்தவர்களை இங்கே காகா என்பார்கள். வலிக்கு நடுவே மகளே பதில் சொன்னாள்: "நார்மல்தான் சிஸ்டர், அப்பா பார்த்தாரு."

"அப்போ ஆன்டிபயாடிக் வேண்டாம்."

எதற்கு அது என்று கேட்டேன். கைவேலையை நிறுத்தாமலே சொன்னாள். எத்தனையோ பெண்களின் குடலிலும் பிறப்புறுப்பிலும் அந்தக் கிருமி வந்து தங்கும், போகும். தாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. குழந்தை வெளியே வரும் வழியில் ஒட்டிக்கொண்டால், சில குழந்தைகளுக்கு மட்டும் ரத்தத்திலும் நுரையீரலிலும் மூளையுறையிலும் பரவி உயிருக்கே ஆபத்தாகும். வலி வந்தபின் தாயின் நரம்பில் ஏற்றும் மருந்து குழந்தைக்கும் போய்ச் சேரும். முன்கூட்டியே கொடுத்தால் பிரசவத்துக்குள் கிருமி திரும்ப வளர்ந்துவிடும்.

"சுத்தம் இல்லாததாலயா வருது?"

"குளிக்கிறதுக்கும் இதுக்கும் என்ன காகா சம்பந்தம்? தினம் ரெண்டு வேளை குளிக்கிறவங்களுக்கும் இருக்கும்."

"அவளுக்கு இருக்கு," என்றேன். "ரிப்போர்ட்ல வந்திருக்கு. நான்தான் மறைச்சுட்டேன்."

மகள் என்னைப் பார்த்தாள். "ஏம்ப்பா?" என்று மட்டும் கேட்டாள். நர்ஸ் அதற்குள் டாக்டரை அழைத்துவிட்டாள்.

டாக்டர் ஓடி வந்தார். பென்சிலின் ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று கேட்டார். இல்லை என்றதும் நரம்பு வழியே மருந்து ஏறத் தொடங்கியது. "பிறக்கிறதுக்கு முன்னாடி நாலு மணி நேரமாவது கிடைச்சா நல்லது," என்றார் என்னிடம். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அது இன்னும் சுட்டது.

தாழ்வாரத்தில் நின்றேன். பாசுரம் சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டேன். குழந்தை இப்போது பிறந்துவிடக் கூடாதே என்று கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு மணி நேரம் கடந்து இரண்டாம் தவணை மருந்து ஏறியது. அதற்குப் பிறகுதான் பேத்தி பிறந்தாள். வீறிட்டு அழுதாள், பால் குடித்தாள். குழந்தை மருத்துவர் இரண்டு நாள் கவனித்துவிட்டு, நலம் என்றார்.

வீடு திரும்பும் நாளில் நர்ஸ் தடுப்பூசி அட்டையை வழக்கம்போல் என் பக்கம் நீட்டினாள். படுக்கையிலிருந்து மகள் கை நீட்டினாள்.

"எங்கிட்டயே குடுங்க, சிஸ்டர்."