பௌர்ணமிக்கு அம்மா வீடு

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி, என் கணவர் வீட்டாருக்கு டிபன் கடை. பௌர்ணமிக்குத்தான் பெரிய வியாபாரம். ஒரு வருடம் சித்திரை முதல் ஆடி வரை, ஒவ்வொரு பௌர்ணமியையும் ஒட்டி நான் நிலைகுலைந்தேன். வயிறு உப்பும், மார்பில் துணி பட்டாலே வலிக்கும். அதையாவது தாங்கலாம். காரணமில்லாமல் அழுகை, கொதிக்கும் கோபம், செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு. ஆடிப் பௌர்ணமியன்று சட்னியைக் கொட்டிவிட்ட என் ஆறு வயது மகளைப் பார்த்துக் கத்திய கத்தலில், குழந்தை மேசைக்கடியில் போய் ஒளிந்துகொண்டாள்.

"எனக்குந்தான் மாசாமாசம் மார் கட்டிக்குது. ரெண்டு அதட்டு அதட்டிட்டு தோசை ஊத்தப் போயிடல?" என்றாள் நாத்தனார்.

"இது அது இல்லடி, நெலா ஏறுது இவளுக்கு," என்றார் மாமியார். "பௌர்ணமிக்கு அம்மா வூட்டுக்குப் போயிடும்மா. புள்ள இங்கயே இருக்கட்டும்."

ஆவணியிலிருந்து பௌர்ணமிதோறும் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். நாளாக நாளாக, அம்மா வீட்டுக்குப் போவதற்கு முன்பே, மகள் எதிரிலேயே, அந்தக் கெட்ட நாட்கள் வந்துவிட்டன. யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

கார்த்திகை தீபத்தன்று அம்மா வீட்டு மாடியில் நின்றேன். மலைமேல் தீபம் சிறு பொட்டாகத் தெரிந்தது. பௌர்ணமி நிலவு ஏறியிருந்தும் மனம் தெளிவாக இருந்தது. நாலு நாள் முன்புதான் தூரம் முடிந்திருந்தது. தினசரி காலண்டரில் எதையும் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. பின்னோக்கிப் பார்த்தேன். என் கெட்ட நாட்கள் நிலவுடன் நகரவில்லை, மாதவிலக்குடன் நகர்ந்திருந்தன.

அம்மாவோடு திருவண்ணாமலையில் ஒரு பெண் மருத்துவரிடம் போனேன். இரண்டு மாதம் தினமும் உடம்பும் மனசும் எப்படி இருந்ததென்று எழுதிவரச் சொன்னார். எழுதியதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உப்புசம், மார் வலி, கொஞ்சம் சிடுசிடுப்பு, இதெல்லாம் நெறய பேருக்கு வரும்மா. அதோடவே வேலையப் பாத்துக்குவாங்க. உங்களுக்கு மனசே ஒடிஞ்சிபோவுது, பொழப்பு நின்னுடுது. பீரியட்ஸ் வந்த சில நாள்ல விட்டுடுது. இது தனி நோய். மாத்திரை இருக்கு. ஆனா சாவுற நெனப்பு வந்தா அடுத்த தேதிக்குக் காத்துனு இருக்காதீங்க, ஒடனே வாங்க."

மாத்திரையில் உப்புசம் அவ்வளவாகக் குறையவில்லை. அந்த இருட்டு குறைந்தது. வீட்டில் விளக்கிச் சொன்னேன்.

"மாத்திர போட்டா நெலா கேக்குமா?" என்றார் மாமியார். ஆனாலும் பங்குனிப் பௌர்ணமிக்குக் கடையில் நிற்கச் சொன்னார்.

மாலையில் கூட்டம் சேர்ந்தது. மகளைக் கூப்பிட்டேன், சாம்பார் வாளியை எடுத்துவர. வாளியோடு வாசல்படியில் நின்றாள். வரவில்லை. தலையைத் தூக்கி, மலைக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்த நிலவைப் பார்த்தாள்.

"நீ ஊருக்குப் போவலியா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. இனிமே போவ மாட்டேன்."

வாளியைத் தன் அத்தை கையில் கொடுத்து அனுப்பினாள்.