இன்னொருத்தியின் பெயரில் ஒரு வேலை

கிள்ளானில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் கணக்குக் குமாஸ்தாவாகச் சில வருடங்கள் இருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஆங்கிலப் பத்திரிகையில் அக்கௌண்ட்ஸ் எக்சிகியூட்டிவ் வேலைக்கு விளம்பரம் பார்த்து விண்ணப்பித்தேன். கோலாலம்பூரில், கண்ணாடிக் கதவு போட்ட ஆபீசில் நேர்முகம் நடந்தது. கம்பெனி முதலாளி மென்மையாகப் பேசினார். மாதக் கணக்கு, வங்கிக் கணக்கு, ஆடிட்டருடன் பேசுவது எல்லாம் என் பொறுப்பு என்றார். நியமனக் கடிதத்திலும் அந்தப் பதவிதான் இருந்தது. மூன்று மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் விலகுவதென்றால் எந்தப் பக்கமும் ஒரு வாரம் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும்.

முதல் நாள் என்னைப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடிக்கு அனுப்பினார்கள். ஒரே அறை. மூன்று மேசைகள். இரண்டு நாற்காலிகளின் முதுகில் பெண்கள் போடும் சுவெட்டர்கள் தொங்கின. ஒரு மேசையில் மூக்குக்கண்ணாடியும் தேநீர்க் கோப்பையும் இருந்தன. ஆட்கள் வெளியே போயிருக்கிறார்கள் என்று காத்திருந்தேன். யாரும் வரவில்லை. மத்தியானம் கோப்பையை எட்டிப் பார்த்தேன். அடியில் தூசிதான் இருந்தது.

மாலையில் முதலாளி வந்தார்.

"இப்போதைக்கு போன் எடுத்தா போதும்," என்றார். "யார் கேட்டாலும் ஆபீசர் அவுட்ஸ்டேஷன்னு சொல்லணும். இன்னொன்னு. உங்க பேர சொல்லாதீங்க."

ஒரு பெயரைச் சொன்னார். எனக்குமுன் அந்த நாற்காலியில் இருந்தவளின் பெயராம். வாடிக்கையாளர்களுக்கு அது பழகிவிட்டதாம்.

"கணக்கு வேலை சார்?"

"வரும் லா. அவசரப்படாதீங்க."

வரவில்லை. கீழே இரும்புச் சாமான் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும் சத்தமும் தண்டவாளத்தில் ரயில் போகும் சத்தமும் மட்டுமே எனக்குத் துணை. போன் அடிக்கும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சொன்னேன். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்கள் என்னை நெடுநாள் தெரிந்தவர்கள்போலப் பேசினார்கள். காய்ச்சல் சரியாகிவிட்டதா என்று ஒரு சீனக் கிழவர் ஆங்கிலத்தில் விசாரித்தார். சரியாகிவிட்டது என்றேன். எனக்குக் காய்ச்சலே வரவில்லை.

இரண்டாம் மாதம் முதலாளியிடம் மறுபடி கேட்டேன். எந்தக் கணக்கைப் பார்ப்பது என்று. அவர் சிரித்துவிட்டு, தொங்கிய சுவெட்டர்களில் ஒன்றைச் சரிசெய்து போட்டுவிட்டுப் போனார்.

ஒரு மத்தியானம் போனில் ஒரு பெண் தமிழில் பேசினாள். அந்தப் பெயரைச் சொல்லி நான்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"இல்ல லா," என்றாள் மெதுவாக. "நீங்க புதுசு. நானும் அந்த நாற்காலியில உக்காந்திருந்தேன்."

"நீங்கதான் அவங்களா?"

"இல்லக்கா. அது என் பேர் இல்ல. எனக்கு முன்னால இருந்த பொண்ணும் அந்தப் பேரத்தான் சொல்லிக்கிட்டு இருந்தா. யாரோட பேருன்னு அவளுக்கும் தெரியாது."

"ஏன் போன் பண்ணுறீங்க?"

"யாராச்சும் எடுக்கிறாங்களான்னு பாப்பேன். நான் ரெண்டு வருஷம் இருந்துட்டேன். இப்ப வீட்டுல என் பேர சொல்லிக் கூப்பிட்டா உடனே திரும்ப மாட்டேங்கிறேன். சீக்கிரம் போயிடுங்க."

வைத்துவிட்டாள். அறையில் யாரும் இல்லை என்று தெரிந்தும் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் எங்கள் வீட்டு போன் அடித்தது. காப்பாரில் இருந்த என் அக்கா. எடுத்ததும் நான் அந்தப் பெயரைச் சொன்னேன். அக்கா, "சாரி, ராங் நம்பர்" என்று வைத்துவிட்டாள். மறுபடி அடித்தது. கை நீட்ட என்னால் முடியவில்லை. அம்மா வந்து எடுத்தார்.

திங்கட்கிழமை விலகல் கடிதம் கொடுத்தேன். ஒரு வார முன்னறிவிப்பு என்று மட்டும் எழுதினேன்; காரணம் எழுதவில்லை. ஒரு பிரதியில் முதலாளியின் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டேன். மூன்று மாதம் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன.

பிரிக்பீல்ட்ஸிலேயே வேலை வாய்ப்பு ஏஜென்சி நடத்திய யாழ்ப்பாணத்து ஆன்டி ஒருவரைப் பார்க்கப் போனேன். நான் கொண்டுபோன ரெஸ்யூமேயில் இந்த வேலையே இல்லை. கிள்ளான் வேலையோடு முடித்திருந்தேன்.

"மூண்டு மாசத்துக்கும் குறைவுதானே," என்றார் ஆன்டி. "விட்டாலும் பிழையில்லை. ரெஸ்யூமேயில எல்லாத்தையும் போடவேணும் எண்டு இல்லை. ஆனா கம்பெனி தாற ஃபோர்ம்ல 'செய்த எல்லா வேலையும்' எண்டு கேட்டா மறைக்கக்கூடாது. கீழ கையெழுத்து வைக்கிறீர். நேர்ல கேட்டாலும் பொய் வேண்டாம்."

"அங்க விசாரிச்சா என்ன சொல்வாங்க ஆன்டி?"

"பாப்பமே."

அவர் போனை எடுத்து அந்த ஆபீசின் எண்ணைச் சுழற்றினார். ஏஜென்சியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, என் பெயரைக் கூறி விசாரித்தார். பிறகு முகம் மாற, ரிசீவரை என் காதருகே நீட்டினார். இளம்பெண் குரல். புதியவள். அந்தப் பெயரைத்தான் சொன்னாள். பிறகு ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாக, அப்படி ஒருவர் இங்கே வேலை செய்யவே இல்லை என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. என் பெயர் அந்த அறையில் ஒரு தடவைகூட உச்சரிக்கப்படவில்லை.

"நியமனக் கடிதம் இருக்கோ?" என்றார் ஆன்டி.

"இருக்கு. சம்பளச் சீட்டும் இருக்கு. இபிஎஃப் சேமநிதியும் கட்டியிருக்காங்க."

"பிறகென்ன. நீர் அங்க இருந்தீர். அதுக்கு ஆதாரம் இருக்கு."

அப்போதுதான் சொன்னேன், அதை ரெஸ்யூமேயில் போட வேண்டும் என்று. விட்டுவிட்டால் நான் உண்மையிலேயே அங்கே இல்லாதவளாகிவிடுவேன்போல் இருந்தது. ஆன்டி மறுக்கவில்லை. தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகினார்.

"கடிதத்தில இருக்கிற பதவியைப் போடுவம். மாதங்களையும் போடுவம். ஆனா செய்யாத கணக்கு வேலையைச் செய்ததெண்டு எழுதக்கூடாது. அவையளைத் திட்டியும் எழுதக்கூடாது."

கிள்ளான் வேலையை நான் செய்த கணக்குகளோடு விரிவாக அடித்தார். அதற்கு மேலே ஒரே வரி: தகுதிகாண் காலம், பணி விளம்பரத்திலிருந்து வேறுபட்டு, தொலைபேசி வேலையாக இருந்ததால் முன்னறிவிப்புக் கொடுத்து விலகல். விசாரிக்க வேண்டிய ஆளாகக் கிள்ளான் மேனேஜரைக் குறித்தார். முன்கூட்டியே அவரிடம் சொல்லிவைக்கவும் சொன்னார்.

ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலை கூப்பிட்டது. மலாய்க்கார மேனேஜர் அந்த வரியில் விரலை வைத்தார்.

"கணக்கு வேலைக்கு எடுத்தாங்க," என்றேன் ஆங்கிலத்தில். "போன் எடுக்கும் வேலைதான் இருந்தது. இரண்டு தடவை கேட்டேன். கிடைக்கவில்லை. முறைப்படி விலகினேன். எனக்குக் கணக்கு வேலைதான் வேண்டும்."

"வேறு பிரச்சினை ஏதாவது?"

பெயரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என்னைப் பற்றித்தான் யோசிப்பார் என்று தோன்றியது. "இல்லை சார்," என்றேன். அவர் கிள்ளான் மேனேஜருக்கு போன் போட்டு விசாரித்தார். அடுத்த மாதம் நான் வேலையில் சேர்ந்தேன். முதல் நாளே மேசை நிறைய இன்வாய்ஸ்கள் வந்து விழுந்தன. பக்கத்து மேசையில் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் தும்மினார்கள், சண்டை போட்டார்கள்.

அங்கே பல வருடங்கள் இருந்தேன். வேறு இடம் மாற ரெஸ்யூமே புதிதாக எழுதியபோது பக்கத்தில் இடம் போதவில்லை. பழைய, சின்ன வேலைகளை எடுத்துவிடலாம் என்று எல்லாரும் சொல்வார்கள், அதுவும் சரிதான். இப்போது கம்ப்யூட்டர் இருந்தது. அந்த ஒற்றை வரியை அழித்தேன். கீழே இருந்த வரிகள் சத்தமில்லாமல் மேலே ஏறி அந்த இடத்தை மூடிக்கொண்டன. அங்கே ஏதோ இருந்தது என்று பார்ப்பவர் யாருக்கும் தெரியாது. நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.